ஷாஃப்ட்டில் ஒரு கோடு

எந்த ஷாஃப்ட்டைக் கையில் எடுத்தாலும் கட்டைவிரல் நகத்தை அதன் மேல் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது என் பழக்கம். கண்ணுக்குத் தெரியாத கோடு நகத்தில் படும். வழவழவென்று போய்க்கொண்டே இருக்கும் நகம் ஓரிடத்தில் லேசாகத் தட்டும். அவ்வளவுதான். அந்தத் தட்டல் எனக்கு இன்றைக்கும் வயிற்றில் கேட்கும். முதன்முதலாக அப்படி ஒரு கோட்டைப் போட்டவன் நான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது.

எஸ்.பி.எம். முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த காலம். எங்கள் ஊரில் மோட்டார் வைண்டிங் கடை ஒன்றில் சேர்ந்தேன். சீனத் தவுக்கே. முன்னால் செம்புக் கம்பி சுற்றும் மேசை, பின்னால் கிரீஸ் நாற்றமடிக்கும் கூடாரம். கூடாரத்தில் எனக்கு மேலே இருந்தவர் ஓர் அங்கிள். எஸ்டேட் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் வந்தவர். அதிகம் பேச மாட்டார். பேசினாலும் பாதி வாக்கியம்தான். மீதியை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

அங்கே வரும் மோட்டார்களில் பெரும்பாலானவற்றுக்கு பேரிங் மாற்ற வேண்டியிருக்கும். பேரிங் ஷாஃப்ட்டில் சும்மா நுழைந்து உட்கார்ந்திருப்பதில்லை. அதன் உள்வளையத்தின் துவாரம் ஷாஃப்ட்டைவிட ஒரு பொட்டு சிறியதாக இருக்கும். வளையத்தைச் சூடாக்கி விரியவைத்துப் போடுவார்கள். ஆறியதும் அது ஷாஃப்ட்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். வேறு ஆணியோ பசையோ கிடையாது. அந்தக் கவ்வலை மீறி இழுத்துக் கழற்றத்தான் புல்லர். இரண்டு அல்லது மூன்று கால்கள், நடுவில் ஒரு திருகு. கால்கள் பேரிங்கைப் பிடிக்கும். திருகின் முனை ஷாஃப்ட்டின் தலையில் ஊன்றும். திருகத் திருக பேரிங் வெளியே வரும். பார்ப்பதற்கு அவ்வளவு சுலபம்.

அன்றைக்கு அங்கிள் இல்லை. மரப் பட்டறை ஒன்றிலிருந்து வந்த மோட்டார். சாயங்காலத்துக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று தவுக்கே சொல்லிவிட்டுப் போனார். நான் மூன்று கால் புல்லரை எடுத்தேன். உள்வளையத்துக்குப் பின்னால் கால் நுழைய இடமில்லை. எனவே பேரிங்கின் வெளிவளையத்தைப் பிடித்து இழுத்தேன். திருகின் முனைக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் எதுவும் வைக்கவில்லை. ஸ்பானரில் குழாயைச் செருகி, முழு உடம்பையும் போட்டு அழுத்தினேன்.

வெடிச்சத்தம் போல ஒன்று கேட்டது. பேரிங் வந்துவிட்டது, ஆனால் பாதிதான். வெளிவளையம் புல்லரின் காலில் தொங்கியது. குண்டுகள் சிமெண்டுத் தரையில் ஓடிக்கொண்டிருந்தன. உள்வளையம் மட்டும் ஷாஃப்ட்டில் அப்படியே, எதுவும் நடக்காதது போல உட்கார்ந்திருந்தது.

ஏன் அப்படி ஆனது என்று பின்னால்தான் புரிந்தது. கவ்விக்கொண்டிருப்பது உள்வளையம். நான் இழுத்ததோ வெளிவளையத்தை. அந்த இழுப்பு முழுவதும் குண்டுகள் வழியாகத்தான் உள்வளையத்துக்குப் போக வேண்டும். குண்டுகள் பக்கவாட்டில் அவ்வளவு பாரத்தைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டவை அல்ல. பேரிங் நல்லதாக இருந்திருந்தாலும் உள்ளே பள்ளம் விழுந்திருக்கும், திரும்பப் பயன்படுத்த முடியாது. இது ஏற்கெனவே தேய்ந்த பேரிங். பிரிந்தே போனது.

இப்போது பிடித்து இழுக்க எதுவும் இல்லாத ஒரு வளையம் ஷாஃப்ட்டில் மிச்சம். நேரம் நாலரை. கிரைண்டரை எடுத்தேன். வளையத்தை நீளவாக்கில் அறுத்துவிட்டால் கவ்வல் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அது சரியான வழிதான். ஆனால் முழுக்க அறுக்கக் கூடாது. வளையத்தின் கனத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டு, அந்தக் கீறலில் உளியை வைத்து ஓர் அடி அடித்தால் போதும். பேரிங் வளையம் கடினமாக்கப்பட்ட எஃகு. பீங்கான் மாதிரி படக்கென்று பிளக்கும். எனக்கு அது தெரியாது. அறுத்துக்கொண்டே போனேன். பொறி பறக்கிற வேகத்தில் வளையம் எங்கே முடிந்தது, ஷாஃப்ட் எங்கே தொடங்கியது என்று யார் பார்த்தது?

வளையம் கழன்றது. ஷாஃப்ட்டில், பேரிங் உட்காரும் இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. வெட்டின் இரண்டு ஓரத்திலும் உலோகம் மேடாகப் பிதுங்கியிருந்தது.

நான் செய்த தவறுகளில் மிக மோசமானது அதற்கப்புறம்தான் வந்தது. மறைக்கப் பார்த்தேன். மேட்டை அரத்தால் ராவினேன். அரம் பட்ட தடம் தெரிந்தது. அதை மறைக்க உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்து, பளபளவென்று ஆகும்வரை இடத்தைச் சுற்றித் தேய்த்தேன். பிறகு புது பேரிங்கைச் சூடாக்கிப் போட்டேன். தட்டாமலே தானாக உள்ளே போனது. ஆறிய பிறகும் அதற்கு ஒரு பிடிப்பு வந்த மாதிரி தெரியவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன். ஐந்தரை மணிக்கு மோட்டார் லோரியில் ஏறிவிட்டது.

இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது.

அங்கிள்தான் பிரித்தார். பேரிங்கைக் கையால் பிடித்துச் சுற்றினார். குண்டுகள் சுற்றவில்லை. உள்வளையமே ஷாஃப்ட்டின் மேல் சுற்றியது. புல்லரே தேவைப்படவில்லை, கையாலேயே உருவிவிட்டார். உள்ளே செம்பழுப்பு நிறத்தில், பழைய இரும்புத் துருவை இடித்து வைத்த மாதிரி ஒரு பொடி. கவ்வல் இல்லாத வளையம் ஷாஃப்ட்டின் மேல் நுணுக்கமாக நகர்ந்து நகர்ந்து இரண்டையும் தின்றால் வருகிற பொடி அது. அங்கிள் துணியால் துடைத்துவிட்டு, கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஷாஃப்ட்டின் மேல் ஓட்டினார். நகம் வெட்டில் தட்டி நின்றது. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சென்டர காட்டு" என்றார்.

ஷாஃப்ட்டின் தலையில், நட்டநடுவில், ஒரு குழி இருக்கும். அதைச் சென்டர் என்போம். அதன் வாய் புனல் மாதிரி சரிந்திருக்கும். ஷாஃப்ட்டை முதன்முதலில் லேத்தில் கடைந்தபோது அந்தப் புனலில்தான் லேத்தின் கூர் முனை உட்கார்ந்திருந்தது. அந்த ஷாஃப்ட்டில் உள்ள ஒவ்வொரு வட்டத்துக்கும் அதுதான் மையம். பின்னால் எந்தப் பழுதென்றாலும் அதே புனலில் மறுபடியும் மாட்டித்தான் கடைய வேண்டும். நான் ஒன்றும் வைக்காமல் ஊன்றித் திருகிய புல்லர் முனை அந்தப் புனலைக் கடித்துக் குதறியிருந்தது.

ஷாஃப்ட் வெளியே லேத் கடைக்குப் போனது. பேரிங் உட்காரும் இடத்தில் வெல்டிங் வைத்து மேடாக்கி, மறுபடி அளவுக்குக் கடைய வேண்டும். லேத்காரர் இரண்டு முனையிலும் மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஷாஃப்ட் ஆடுகிறது, சென்டர் போய்விட்டது என்றார். முதலில் சென்டரைச் சரிசெய்யவே அவருக்கு அரைநாள் ஆனது. தவுக்கே கூடாரத்துக்கு வந்து யார் இப்படிச் செய்தது என்று கேட்டார். அங்கிள், "கைத்தவறு தவுக்கே" என்றார். யார் கை என்று சொல்லவில்லை. தவுக்கேவும் இருவரையும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் கை கழுவும்போது அங்கிள் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான். "பேரிங் வர்ற ஆளு, போற ஆளு. ஷாஃப்ட் வீட்டு ஆளுடா. நீ யார காப்பாத்தணும்னு பாத்து செய்."

நான்தான் செய்தேன் என்று அன்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் சொல்வது வேறு. சொல்லவில்லை.

அடுத்த வாரம் என் மேசையில் ஓர் இரும்புத் துண்டு இருந்தது. காளான் மாதிரி, தட்டையான தலையும் குட்டையான காலும். லேத் கடைக்காரரிடம் சொல்லி அங்கிள் கடைந்து வாங்கியிருந்தார். காலை ஷாஃப்ட்டின் சென்டர் துவாரத்துக்குள் லூசாக நுழைக்க வேண்டும். தலை ஷாஃப்ட்டின் தட்டையான முகத்தில் படியும். தலையின் மேற்புறத்தில் புல்லர் முனை உட்கார ஒரு சின்னக் குழி. இப்போது எவ்வளவு திருகினாலும் பாரம் ஷாஃப்ட்டின் முகத்தில் பரவும், புனலைத் தொடாது. சிலர் ஐம்பது காசு நாணயத்தை வைப்பார்கள். சின்ன வேலைக்குச் சரிதான். பெரிய ஷாஃப்ட்டில் துவாரமும் பெரிது. பாரம் ஏறினால் நாணயம் கிண்ணம் மாதிரி குழிந்து உள்ளே போய்விடும்.

அந்தக் காளான் இப்போதும் என்னிடம் இருக்கிறது.

*

நான் இப்போது ஒரு செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். போன வருடம் பாலிடெக்னிக்கிலிருந்து பயிற்சிக்கு ஒரு தங்கச்சி வந்திருந்தாள். கையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு. கேள்வி கேட்பதில் கூச்சமே கிடையாது.

கொட்டையையும் ஓட்டையும் பிரிக்கிற இடத்தில் காற்று தள்ளும் விசிறி ஒன்று உண்டு. அதன் மோட்டார் சத்தம் போட ஆரம்பித்தது. 15 கிலோவாட் மோட்டார். புல்லி பக்கத்து பேரிங் 6309. அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் துவாரத்தின் அளவு வரும். ஒன்பதை ஐந்தால் பெருக்கினால் 45 மில்லிமீட்டர். தங்கச்சி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"எவ்ளோ டைட்டா இருக்கும் அண்ணே?"

இந்த மாதிரி மோட்டாரில் ஷாஃப்ட்டை 45 மில்லிமீட்டரைவிட 2 முதல் 13 மைக்ரான் வரை பெரிதாகக் கடைவார்கள். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பேரிங்கின் துவாரம் 45 மில்லிமீட்டரிலிருந்து 12 மைக்ரான் வரை சிறியதாக இருக்கலாம். இரண்டையும் கூட்டினால் ஆக இறுக்கமான நிலையில் 25 மைக்ரான் வித்தியாசம். தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை. அந்தப் பிடிப்பை நம்பித்தான் மோட்டார் வருடக்கணக்கில் ஓடுகிறது. நான் பத்தொன்பது வயதில் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தது இதைத்தான். பார்வைக்கு ஒன்றுமே போகவில்லை. ஆனால் இருந்ததே அவ்வளவுதான்.

ரோட்டரை வெளியே எடுத்து, ஷாஃப்ட்டின் இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டிய மரக்கட்டைகளில் படுக்கவைத்தோம். வெறும் இரும்பு மேசையில் உருட்டினால் அங்கேயே ஒரு கீறல் விழும்.

அவள் உடனே புல்லரை எடுத்தாள். "மொதல்ல பாதைய பாரும்மா" என்றேன். பேரிங் தன் இடத்திலிருந்து கிளம்பினாலும் முழுசாக வெளியே வரும்வரை ஷாஃப்ட்டின் மேல்தான் பயணம் செய்யும். இந்த மோட்டாரில் பேரிங்குக்கு வெளியே ஆயில் சீல் உட்காரும் பகுதியும் அதே 45 மில்லிமீட்டர்தான். அதற்கப்பால் புல்லி மாட்டும் பகுதி 42, அங்கே வளையம் தொடாது. ஆக, சீல் பகுதியில் துருவோ பெயிண்டோ மணலோ இருந்தால் வளையம் அதை உழுதுகொண்டு வரும். நுண்மையான உப்புத்தாளில் எண்ணெய் தொட்டு, ஷாஃப்ட்டைச் சுற்றியவாக்கில், அந்தப் பகுதியில் மட்டும் துருவை எடுத்தோம். பேரிங் உட்காரும் இடத்தில் உப்புத்தாள் படவே கூடாது. பிறகு மண்ணெண்ணெய் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்தோம். உப்புத்தாளின் தூளை விட்டுவைத்தால் நாம் எடுத்த துருவைவிட அது மோசம். சாவி உட்காரும் காடியிலிருந்து சாவியைக் கழற்றி, காடியின் விளிம்பில் பிதுங்கியிருந்த மேட்டை எண்ணெய்க்கல்லால் மழித்தோம். கடைசியில் மெல்லிய எண்ணெய் ஒரு பூச்சு. பேரிங்கைத் தடுக்கிற சர்க்கிளிப் எதுவும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். சர்க்கிளிப்பைக் கழற்ற மறந்து இழுத்தால் அதன் காடியே உடைந்துவிடும். இந்த ஷாஃப்ட்டில் அது இல்லை.

அடுத்தது எதைப் பிடிப்பது என்ற கேள்வி. பேரிங்கின் பின்பக்கம் ஷாஃப்ட்டின் தோளில் முட்டிக்கொண்டிருந்தது. தோளைத் தாண்டி உள்வளையத்தின் விளிம்பு மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் வெளியே தெரியும். தடித்த புல்லர் கால் அங்கே நுழையாது. பத்தொன்பது வயதில் நான் வெளிவளையத்துக்குப் போனது இதனால்தான். பேரிங்குக்குப் பின்னால் வார்ப்பிரும்பில் செய்த உள்மூடி ஒன்றும் இருந்தது. தங்கச்சி அதைக் காட்டி, "இதுக்குப் பின்னால மாட்டலாமே அண்ணே, நல்லா பிடிமானமா இருக்கே" என்றாள். நிறைய பேர் அப்படித்தான் மாட்டுகிறார்கள், மூடி இரண்டாக உடைகிறது. வார்ப்பிரும்பு வளையாது, உடையும்.

இதற்கு செப்பரேட்டர் என்று ஒரு கருவி உண்டு. இரண்டு அரைத் தட்டுகள். உள்விளிம்பு கத்தி மாதிரி சரிவாக இருக்கும். உள்மூடியை ரோட்டர் பக்கமாகத் தள்ளிவிட்டு, இரண்டு அரைத் தட்டையும் பேரிங்குக்குப் பின்னால் வைத்து, இரண்டு பக்கத்து நட்டையும் மாறி மாறி இறுக்கினோம். சரிவு உள்வளையத்துக்குப் பின்னால் புகுந்து பிடித்தது. இங்கேயும் ஓர் அளவு இருக்கிறது. இன்னும் இறுக்கினால் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று தோன்றும். ஆனால் அந்தக் கத்தி விளிம்பு தோளின் மேல் அழுந்தி, இழுக்கும்போது அதைச் சுரண்டிக்கொண்டு வரும். தட்டுக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தாள் நுழையும் அளவுக்கு விட்டு நிறுத்தினோம்.

செப்பரேட்டரின் இரண்டு பக்கத்திலும் மரை உள்ள துவாரங்கள். அவற்றில் இரண்டு நீளக் கம்பிகளை முறுக்கி, முன்னால் குறுக்குப் பட்டையை மாட்டினோம். ஷாஃப்ட்டின் சென்டர் துவாரத்தில் காளானை வைத்தேன். புல்லர் திருகின் மரைக்கும் முனைக்கும் கிரீஸ் போட்டேன். முனையில் கிரீஸ் இல்லாவிட்டால் திருகு சுற்றும்போது காளானையும் சேர்த்துச் சுற்றும், அடியில் ஷாஃப்ட்டின் முகம் தேயும்.

"இது என்னா அண்ணே, கடையில வாங்குனதா?"

"இல்லம்மா. கொடுத்தது."

இருவரும் கண்ணாடி மாட்டிக்கொண்டோம். பேரிங்கின் மேல் ஒரு தடித்த சாக்கைப் போர்த்தினோம். குண்டுகள் தரையில் ஓடிய சத்தம் எனக்கு மறக்காது. அவை முகத்துக்கு நேரே வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்றும் யோசித்திருக்கிறேன்.

ஸ்பானரை அவளிடமே கொடுத்தேன். குழாய் செருகக் கூடாது, காற்றுத் துப்பாக்கி கூடாது, வெறும் ஸ்பானர். கால் சுற்று சுற்றி நிறுத்து, மூச்சு விடு, மறுபடி கால் சுற்று. பாரம் ஏற ஏற ஸ்பானர் கனக்கும். ஓர் இடத்தில் "டக்" என்று ஒரு சத்தம் வரும், உடனே ஸ்பானர் இலேசாகும். வளையம் முதல் பிடிப்பை விட்ட சத்தம் அது. அதற்கப்புறம் ஒரே சீரான கனத்தில் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

டக் வந்தது. அவள் முகத்தில் சிரிப்பு. மூன்று நான்கு கால் சுற்று நன்றாகப் போனது. பிறகு ஸ்பானர் மறுபடியும் கனத்தது. அவள் உடம்பைச் சாய்த்து அழுத்தினாள். கீச்சென்று ஒரு சத்தம், கண்ணாடியில் ஆணி கீறுகிற மாதிரி.

"நிறுத்து."

என் குரல் எனக்கே பயமாக இருந்தது. அவள் ஸ்பானரை விட்டுவிட்டுப் பின்னால் போய்விட்டாள்.

சூடு வைக்கலாமா என்று மெதுவாகக் கேட்டாள். கேள்வி சரியானதுதான். எஃகு ஒரு டிகிரி சூட்டுக்கு ஒரு மீட்டரில் 12 மைக்ரான் விரியும். 45 மில்லிமீட்டர் துவாரம் ஷாஃப்ட்டைவிட 60 டிகிரி அதிகச் சூடானால் 32 மைக்ரான் அளவுக்குப் பெரிதாகும். இறுக்கம் 25 தானே, கழன்றுவிடும். ஆனால் வளையம் மட்டும் வேகமாகச் சூடாக வேண்டும். மெதுவாகச் சூடேற்றினால் சூடு ஷாஃப்ட்டுக்கும் இறங்கி இரண்டும் சேர்ந்தே விரியும், பலன் இல்லை. கேஸ் விளக்கைப் பிடித்தால் ஒரு பக்கம் மட்டும் சிவந்து, ஷாஃப்ட்டையும் கெடுக்கும். அதைவிட முக்கியம், ஏன் இறுகியது என்று தெரியாமல் சூடு வைப்பது நோய் தெரியாமல் மருந்து கொடுப்பது மாதிரி.

திருகைப் பின்னுக்குச் சுற்றிப் பாரத்தை இறக்கினோம். இரும்பு அளவுகோலை எடுத்து, குறுக்குப் பட்டைக்கும் செப்பரேட்டருக்கும் உள்ள தூரத்தை இரண்டு கம்பியிலும் அளக்கச் சொன்னேன். ஒரு பக்கம் 212 மில்லிமீட்டர். மறுபக்கம் 209. ஒரு கம்பியின் நட்டு இழுவையில் கொஞ்சம் கழன்றிருந்தது. மாட்டும்போது நான்தான் அளந்து பார்க்காமல் கண்ணால் பார்த்துச் சரி என்று விட்டிருந்தேன்.

மூன்று மில்லிமீட்டர்தான். ஆனால் அதனால் இழுப்பு நேராக இல்லை. ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் குறைவு. வளையம் சாயப் பார்க்கிறது. கவ்விக்கொண்டிருக்கிற வளையம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சாயாது. அதற்குப் பதிலாகத் தன் விளிம்பை ஷாஃப்ட்டில் ஊன்றுகிறது. கீச்சென்று கேட்டது அதுதான். அந்த நிலையில் இன்னும் பலமாக இழுத்தால் வளையம் வந்துவிடும். வரும்போது ஷாஃப்ட்டின் நீளத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு வரும். இந்த வேலையில் ஷாஃப்ட் கெடுவது பெரும்பாலும் பலம் போதாத இடத்தில் இல்லை, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாததால்.

இரண்டு கம்பியையும் 210க்குச் சரிசெய்தோம். நட்டுக்கு மேல் இன்னொரு நட்டு போட்டுப் பூட்டினோம். வளையத்தின் முன்னால் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, அவளையே மறுபடி சுற்றச் சொன்னேன். தயங்கினாள். "சுத்துமா, ஒண்ணும் ஆகாது" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

கால் சுற்று. கால் சுற்று. ஸ்பானரின் கனம் ஒரே சீராக இருந்தது. சத்தமில்லை. அரை மணி நேரத்தில் பேரிங் சீல் பகுதியைத் தாண்டி, 42க்கு வந்ததும் சட்டென்று தொளதொளத்து என் கையில் சாக்கோடு விழுந்தது.

ஷாஃப்ட்டைத் துடைத்தாள். எதுவும் பேசாமல் அவள் கட்டைவிரலைப் பிடித்து ஷாஃப்ட்டின் மேல் வைத்தேன். "மெதுவா ஓட்டு." தோளிலிருந்து ஓட்டினாள். ஒரு இடத்தில் நின்றாள்.

"இங்க என்னமோ தட்டுது அண்ணே."

நானும் ஓட்டிப் பார்த்தேன். இருந்தது. விரல் அகலம்கூட இல்லாத, மிக மெல்லிய கீறல். கீச்சென்று கேட்ட இடம். மைக்ரோமீட்டரை எடுத்தோம். கீறலுக்கு இரண்டு பக்கமும், தோளுக்கு அருகிலும், சீல் அருகிலும், ஒவ்வோர் இடத்திலும் சுற்றி மூன்று திசையில் அளந்தாள். 45.008, 45.009, 45.007. எல்லாம் 45.002க்கும் 45.013க்கும் நடுவில். கீறலின் ஓரத்தில் மேடு இருந்தால் அதை மட்டும் எண்ணெய்க்கல்லால் இரண்டு மூன்று தடவை தடவலாம். பள்ளத்தை ஒன்றும் செய்ய வேண்டாம். பள்ளம் சும்மா கிடக்கும், மேடுதான் புது வளையத்தைக் கிழிக்கும். பள்ளத்தை மறைக்கத் தேய்க்கிறவன்தான் ஷாஃப்ட்டைத் தின்கிறான்.

கல்லை அவள் கையில் கொடுத்தேன். கையெழுத்துப் போடுகிற கவனத்தோடு மூன்று முறை தடவினாள். நகம் ஓட்டினாள். தட்டவில்லை. மறுபடி அளந்தாள். எண் மாறவில்லை.

"ரெக்கார்டுல எழுதணுமா அண்ணே? சின்ன கீறல்தானே."

"எழுது. எந்த இடம், எவ்வளவு நீளம், எதனால. கம்பி அளவு பாக்காம விட்டதுன்னு எழுது. என் பேர போடு."

எழுதிக்கொண்டே கேட்டாள், "நீங்க இதுக்கு முன்னால ஷாஃப்ட்ட கெடுத்திருக்கீங்களா?"

பத்தொன்பது வயதில் சொல்லாததை அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னேன். கிரைண்டர், அரம், உப்புத்தாள், ஐந்தரை மணி லோரி, செம்பழுப்புப் பொடி எல்லாம். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கேட்க வேண்டியவர் இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. மரணச் செய்தி எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது. சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். பாதி வாக்கியம் சொல்லியிருப்பார்.

புது பேரிங்கைச் சூடாக்கிப் போட்டோம். தோள்வரை போய் நின்றது. ஆறும்வரை தோளோடு அழுத்திப் பிடித்திருந்தோம். ஆறியதும் தங்கச்சி உள்வளையத்தைப் பிடித்துத் திருகிப் பார்த்தாள். அசையவில்லை.

காளானைத் துடைத்து என் பெட்டியில் வைக்கப் போனேன். அவள் கை நீட்டினாள். அளவுகோலால் அதன் காலையும் தலையையும் அளந்து நோட்டில் படம் வரைந்துகொண்டு, திருப்பிக் கொடுத்தாள்.